தூங்கவிடாத கனவும் துளையிட்ட விடைத்தாளும்: ஒரு மேற்கோளைப் பதிவாக்க ஐந்து வழிகள்

குரூப் 4 தேர்வுக்கு நாள் குறித்து அறிவிப்பு வந்துவிட்டால் போதும், அந்த வாக்கியம் சுற்ற ஆரம்பித்துவிடும். "தூக்கத்தில் வருவது கனவல்ல, உன்னைத் தூங்கவிடாமல் செய்வதே கனவு." பக்கத்தில் அப்துல் கலாமின் சிரித்த முகம், பின்னால் ஒரு சூரிய உதயம். அக்டோபர் 15-ஆம் தேதி அவர் பிறந்தநாளுக்கு ஒரு சுற்று, ஜூலை 27-ஆம் தேதி நினைவு நாளுக்கு ஒரு சுற்று, தேர்வுக்கு முந்தைய வாரம் இன்னொரு பெரிய சுற்று. தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளின் வாட்ஸ்அப் குழுவில் இருப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

எங்கள் ஊர் நூலகத்தின் போட்டித் தேர்வுப் பிரிவில் ஞாயிறுதோறும் மாதிரித் தேர்வு நடத்தி, விடைத்தாள் திருத்தித் தருகிறேன். அங்கே வருகிறவர்களுக்காகத் தேர்வுக்கு முன்னால் ஒரு பதிவு எழுத வேண்டியிருந்தது. எல்லோரும் போடும் இதே வாக்கியத்தை எடுத்துக்கொண்டு, அதையே வேறு வேறு விதமாக எழுதிப் பார்த்தேன். ஐந்து வழிகள் கிடைத்தன. எது எப்போது சரிப்பட்டு வரும், எது எங்கே தடுமாறும் என்று எனக்குப் பட்டதை இங்கே சொல்கிறேன். பிடித்த மேற்கோள் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, அதைப் பற்றித் தன் சொந்தச் சரக்காக ஏதாவது எழுத நினைப்பவர்களுக்கு உதவலாம்.

முதல் வழி, படத்தோடு சுற்றும் அந்த மேற்கோள் அட்டையை அப்படியே போட்டு, கீழே "உண்மைதானே நண்பர்களே? உறங்காதீர்கள், உழையுங்கள்" என்று ஒரு வரி சேர்ப்பது. இதற்கு அதிக நேரம் செலவிட வேண்டாம். படிக்கிறவர் முதல் நான்கு சொற்களிலேயே வாக்கியத்தை அடையாளம் கண்டுகொண்டு தாண்டிப் போய்விடுவார். நீங்கள் சேர்த்த வரியை அவர் பார்த்திருக்கவே மாட்டார். இந்த வழியில் ஒரு நியாயமான பயன் உண்டு: "உங்களை நினைத்துக்கொண்டேன்" என்று சொல்வதற்கு அது போதும். காலை வணக்கம் சொல்வதைப் போல அது ஒரு மரியாதை. அதற்குமேல் அதில் எதையும் எதிர்பார்க்கக் கூடாது.

அட்டையைப் போடுவதற்கு முன் ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்: அந்தப் பெயருக்கும் அந்த வாக்கியத்துக்கும் உண்மையிலேயே உறவு உண்டா? "உலகில் நீ காண விரும்பும் மாற்றமாக நீயே இரு" என்று காந்தி பெயரில் ஓர் அட்டை சுற்றுகிறது. இந்த வடிவில் அவர் எழுத்துகளில் அது கிடைக்கவில்லை. 1913-இல் 'இந்தியன் ஒப்பீனியன்' இதழில் உடல்நலம் பற்றி ஒரு தொடர் எழுதியபோது, நாம் நம்மை மாற்றிக்கொண்டால் உலகத்தின் போக்கும் மாறும் என்ற பொருளில் ஓரிடத்தில் சொல்கிறார். அது வருவது பாம்புக்கடி பற்றிய பகுதியில். பாம்பைக் கண்டதும் அடிக்கத் தோன்றும் மனிதனுடைய பயத்தைப் பற்றியும் பகையைப் பற்றியும் பேசுகிற இடம் அது. பாம்பு போய்விட்டது, பயம் போய்விட்டது, எழுதிய சந்தர்ப்பம் போய்விட்டது. மிஞ்சியது ஒரு வழவழப்பான வாக்கியம். தேய்ந்த மேற்கோள்களில் பெரும்பாலானவற்றுக்கு இதுதான் நடந்திருக்கிறது. யாரோ ஒருவர் ஏதோ ஓர் இடத்தில், எதையோ பார்த்துச் சொன்னது. இடத்தைக் கழற்றிவிட்டதால் எல்லா இடத்துக்கும் பொருந்துகிறது, எங்கேயும் ஒட்டுவதில்லை. நாம் செய்யப் பார்ப்பது இதற்கு நேர் எதிரான வேலை. வாக்கியத்துக்கு மறுபடியும் ஓர் இடத்தையும் நேரத்தையும் கொடுக்க வேண்டும். அந்த இடம் நமக்குத் தெரிந்த இடமாக இருக்க வேண்டும்.

இரண்டாவது வழி அந்தத் திசையில் பாதி தூரம் போகிறது. மேற்கோளை விட்டுவிட்டு, சொன்னவரின் வாழ்க்கையிலிருந்து ஒரு சம்பவத்தை எடுத்துச் சொல்வது. கலாம் விமானப்படையில் விமானியாகச் சேர ஆசைப்பட்டு டேராடூனுக்குத் தேர்வுக்குப் போனார். வந்திருந்தவர்கள் 25 பேர். எடுத்துக்கொண்டது எட்டுப் பேரை. அவருக்குக் கிடைத்தது ஒன்பதாவது இடம். தன் சுயசரிதையில் அவரே இதைச் சொல்லியிருக்கிறார். கட் ஆஃப் மதிப்பெண்ணில் ஒரு கேள்வி வித்தியாசத்தில் வேலையைத் தவறவிட்ட பிள்ளைக்கு இந்த ஒன்பதாவது இடம் என்னவென்று யாரும் விளக்க வேண்டியதில்லை. கனவு பற்றிய வாக்கியத்தைவிட இது பத்து மடங்கு கனமானது. அதில் எண் இருக்கிறது, ஊர் இருக்கிறது, ஒருவர் ஏமாற்றத்தோடு திரும்பி நடக்கும் பாதை இருக்கிறது.

குழுவில் உள்ளவர்கள் 18, 19 வயதுக்காரர்களாக, முதல் தேர்வு எழுதுகிறவர்களாக இருந்தால் நான் இந்த வழியைத் தாராளமாகப் பரிந்துரைப்பேன். அவர்களில் பலர் அட்டையைப் பார்த்திருப்பார்கள், சம்பவத்தைப் படித்திருக்க மாட்டார்கள். ஆனால் எங்கள் நூலகத்துக்கு வருகிறவர்கள் அப்படியில்லை. பயிற்சி மைய வகுப்புகளில் இதே கதையைப் பலமுறை கேட்டவர்கள். அடுத்த வரி என்ன என்று அவர்களுக்குத் தெரியும்: "பிறகு அவர் குடியரசுத் தலைவரானார்." அந்த இடத்தில்தான் கதை அவர்களைக் கைவிடுகிறது. 30 வயதைத் தாண்டி, வீட்டில் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருக்க, இளநிலை உதவியாளர் வேலைக்குப் படிக்கிறவருக்கு அந்த முடிவிலிருந்து எடுத்துக்கொள்ள ஒன்றுமில்லை. அது மட்டுமல்லாமல், இதுவும் இரவல்தான். நான் பார்த்தது எதுவும் இதில் இல்லை.

மூன்றாவது வழிதான் பெரும்பாலோர் கையில் எடுப்பது. மேலே மேற்கோள், நடுவில் சொந்த அனுபவம், கீழே பாடம். "என் அனுபவத்தைச் சேர்த்துத்தான் எழுதியிருக்கிறேன், அப்புறம் ஏன் எடுபடவில்லை?" என்று கேட்பவர்கள் எழுதியிருப்பது அநேகமாக இந்த வடிவத்தில்தான் இருக்கும். நானும் இப்படித்தான் ஒரு வரைவு எழுதினேன். முழுசாகத் தருகிறேன்:

> "தூக்கத்தில் வருவது கனவல்ல; உன்னைத் தூங்கவிடாமல் செய்வதே கனவு" என்றார் கலாம். எங்கள் நூலகத்துக்கு ஒரு பெண் வருகிறார். பகலில் கடையில் வேலை, மீதி நேரத்தில் படிப்பு. எத்தனை களைப்பு இருந்தாலும் ஒரு ஞாயிறும் மாதிரித் தேர்வைத் தவறவிட்டதில்லை. கனவு இருந்தால் களைப்பு தெரியாது என்பதை அவரிடம் கற்றுக்கொண்டேன். நீங்களும் கனவு காணுங்கள், நிச்சயம் வெல்வீர்கள்.

இதில் பொய் எதுவும் இல்லை. அப்படி ஒருவர் வருகிறார், ஒரு தேர்வையும் விடவில்லை, அவர் மேல் எனக்கு மிகுந்த மரியாதை. ஆனால் இதைப் படித்துவிட்டு அவரை யாராலும் பார்க்க முடியாது. "கடையில் வேலை" என்பது எந்தக் கடை? "மீதி நேரம்" என்பது எத்தனை மணி? "களைப்பு இருந்தாலும்" என்று நான் எழுதியது எதைப் பார்த்து?

காரணம் என்னவென்றால், மேற்கோள் மேலே உட்கார்ந்துவிட்டது. அதற்குக் கீழே வரும் அனுபவம், மேற்கோள் சொன்னது சரி என்று கையெழுத்துப் போட வந்த சாட்சியாகிவிடுகிறது. சாட்சிக்குத் தேவையானது மட்டும் உள்ளே வரும், மற்றதெல்லாம் வெளியே நிற்கும். அந்தப் பெண் உண்மையில் எப்படிப் படிக்கிறார் என்று நான் யோசித்திருந்தால், மேற்கோளுக்கு எதிரான ஒரு விவரம் முதலில் வந்திருக்கும்: அவர் நன்றாகத் தூங்குகிறவர். ஜவுளிக்கடையில் காலையிலிருந்து நின்றுகொண்டே சேலை எடுத்துப் போடுகிற வேலை. கடை சாத்தி வீட்டுக்கு வர இரவு பத்தாகிவிடும். சாப்பிட்டதும் படுத்துவிடுவார். விடிகாலையில் எழுந்து, கடைக்குக் கிளம்பும்வரை படிப்பார். "ராத்திரி உட்கார்ந்தா காலு ரெண்டும் கடுக்கும் சார், ஒண்ணும் மண்டையில ஏறாது" என்று அவரே ஒருமுறை சொன்னார். என் வரைவில் இது வரவே இல்லை. அதை மறைக்க நான் நினைக்கவில்லை. மேலே இருந்த வாக்கியம் அதைக் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

இந்த வடிவத்தில் எழுதியதைத் திருத்த ஒரு சோதனை உண்டு. மேற்கோளையும் கடைசிப் பாடத்தையும் விரலால் மறைத்துக்கொண்டு நடுப்பகுதியை மட்டும் படியுங்கள். அது தானாக நிற்கிறதா? அடுத்து, ஒவ்வொரு வாக்கியத்தையும் எடுத்து, இதையே ஒரு காப்பீட்டு முகவரோ உடற்பயிற்சிக் கூடம் நடத்துகிறவரோ தன் பதிவில் போட முடியுமா என்று பாருங்கள். முடியுமென்றால் அந்த வாக்கியம் உங்களுடையதல்ல, அடித்துவிடலாம். என் வரைவில் இந்தச் சோதனைக்குப் பிறகு மிஞ்சியது "மாதிரித் தேர்வு", "நூலகம்" என்ற இரண்டு சொற்கள்தான்.

ஆனாலும் இந்த மூன்றாவது வழியை நான் முழுக்க ஒதுக்கமாட்டேன். பள்ளி ஆண்டு விழா, பாராட்டுக் கூட்டம் மாதிரியான இடங்களில் எதிரே உட்கார்ந்திருப்பவர்களுக்கு ஒரு பிடிமானம் வேண்டும். தெரிந்த வாக்கியத்தில் ஆரம்பித்தால் அவர்கள் கூடவே வருவார்கள். மேடைப் பேச்சுக்கு அது உதவும். தனியாக உட்கார்ந்து கைப்பேசியில் படிக்கிறவருக்கு அந்தப் பிடிமானமே தடையாகிவிடுகிறது.

நான்காவது வழி, மேற்கோளோடு முரண்படுவது. "என் அனுபவத்தில் இது இப்படி இல்லை" என்று தொடங்குவது. இங்கேதான் என் கையில் இருந்த உண்மையான சரக்கு வெளியே வந்தது. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

குரூப் 4 தேர்வில் 200 கேள்விகள், மூன்று மணி நேரம், 300 மதிப்பெண். ஒரு கேள்விக்கு ஒன்றரை மதிப்பெண். நேரத்தை வகுத்துப் பார்த்தால் ஒரு கேள்விக்கு 54 வினாடி. அதற்குள் கேள்வியைப் படித்து, விடையைக் கண்டுபிடித்து, ஓஎம்ஆர் தாளில் சரியான வரிசையில் சரியான வட்டத்தைக் கறுப்பு மைப் பந்துமுனைப் பேனாவால் நிரப்ப வேண்டும். நிரப்பியதை அழிக்க முடியாது. எங்கள் மாதிரித் தேர்விலும் அதேபோன்ற தாளைத்தான் அச்சடித்துக் கொடுக்கிறோம். திருத்துவதற்கு எங்களிடம் இயந்திரம் கிடையாது. ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள் ஒன்றில், சரியான விடை வரும் இடங்களில் மட்டும் துளை போட்டு வைத்திருக்கிறோம். அதை விடைத்தாள் மேல் பொருத்தி வைத்தால், எந்தெந்தத் துளையில் கறுப்பு தெரிகிறதோ அதெல்லாம் சரி. எண்ணினால் மதிப்பெண் வந்துவிடும்.

இப்படித் திருத்தும்போது சில தாள்களில் ஒரு வினோதம் தெரியும். முக்கால்வாசி தூரம் கறுப்பு நன்றாக வந்துகொண்டிருக்கும், திடீரென்று ஓரிடத்தில் தொடர்ச்சியாகத் துளைகள் வெள்ளையாக நிற்கும். பாடம் தெரியாதவர் தாள் இப்படி இருக்காது. தெரியாதவருக்குச் சரியும் தவறும் தாள் முழுக்கக் கலந்து கிடக்கும். வெள்ளை ஓரிடத்தில் ஆரம்பித்து ஓரிடத்தில் முடிந்தால், துளைத்தாளை ஒரு வரிசை நகர்த்திப் பார்க்க வேண்டும். ஒரு பையனின் தாளில் 151-இலிருந்து 175 வரை அப்படி நின்றது. நேராக வைத்தபோது அந்த 25 வரிசைகளில் 4 மட்டும் சரி. துளைத்தாளை ஒரு வரிசை மேலே ஏற்றியதும் 19 துளைகளில் கறுப்பு வந்து நின்றது. 151-ஆவது கேள்வி ஒரு கூட்டுவட்டிக் கணக்கு. அப்புறம் போட்டுக்கொள்ளலாம் என்று கேள்வியை விட்டிருக்கிறான், ஆனால் அதற்குரிய வரிசையை விடவில்லை. 152-இன் விடை 151-இன் வரிசையில் போய் உட்கார்ந்தது. அதன்பின் ஒவ்வொன்றும் ஒரு படி மேலே. பதினைந்து கேள்விகள், 22.5 மதிப்பெண். அத்தனையும் அவனுக்குத் தெரிந்த விடைகள்.

"நேற்று எத்தனை மணிக்குப் படுத்தே?" என்று கேட்டேன். மூன்று மணி என்றான். இப்படி வரிசை நழுவிய தாள் வரும்போதெல்லாம் இதே கேள்வியைக் கேட்கிறேன். பதில் பெரும்பாலும் இரண்டு, மூன்று, "படுக்கவே இல்லை சார்" என்றுதான் வருகிறது. நன்றாகத் தூங்கி வந்தவர்களும் தவறு செய்கிறார்கள். ஆனால் அவை தெரியாத கேள்விக்குத் தவறான விடை என்கிற வகை. தெரிந்த விடையைத் தப்பான வரிசையில் வைப்பது, தூக்கம் கெட்டவர்களிடம்தான் எனக்கு அதிகம் கண்ணில் படுகிறது. எங்கள் அறைக்கு வெளியே இது எப்படி என்று நான் சொல்ல வரவில்லை. என் மேசைக்கு வந்த தாள்களில் பார்த்ததைச் சொல்கிறேன்.

இதை வைத்து முரண்பாட்டு வரைவு ஒன்று எழுதினேன்:

> தூங்கவிடாமல் செய்வதே கனவு என்று சொல்கிறார்கள். தேர்வுக்கு முந்தைய இரவில் அதை நம்பாதீர்கள். தூங்காமல் வந்தவர்களின் விடைத்தாள்களை நான் திருத்தியிருக்கிறேன். அவர்களுக்கு விடை தெரிந்திருந்தது. வட்டம்தான் ஒரு வரிசை தள்ளிப் போயிருந்தது.

சுருக்கமாக இருக்கிறது, அடியும் விழுகிறது. முதல் வரியிலேயே படிக்கிறவர் நிமிர்ந்து உட்காருவார். மேற்கோளை மேலே வைத்தும் அனுபவம் நசுங்காமல் இருப்பது இந்த ஒரு வடிவத்தில்தான். மேற்கோள் ஒரு பக்கம், நீங்கள் பார்த்தது மறு பக்கம் என்று இரண்டும் எதிரெதிரே நிற்கின்றன. தேர்வுக்கு மூன்று நாள் முன்னால், உடனே செய்ய வேண்டிய ஒன்றைச் சொல்ல வேண்டுமென்றால் நான் இதைத்தான் எடுப்பேன்.

இதில் இரண்டு சிக்கல்கள் உண்டு. ஒன்று, பேச்சு திசை மாறிவிடும். நீங்கள் விடைத்தாளைப் பற்றி எழுதினாலும் பதிலுக்கு வருவது கலாமைப் பற்றியதாக இருக்கும். அவர் சொன்னது அந்த அர்த்தத்தில் இல்லை என்று நாலு பேர் வருவார்கள். அவர்கள் சொல்வதில் நியாயமும் இருக்கிறது. மனத்தை விட்டு அகலாத ஒரு விருப்பத்தைப் பற்றிய பேச்சை நான் கடிகாரத்தோடு கட்டிவிட்டேன். மேற்கோளை அதன் பலவீனமான பொருளில் எடுத்துக்கொண்டு அதை வீழ்த்துவது சுலபம். படிக்கிறவர் அதைக் கண்டுகொள்வார். இரண்டாவது சிக்கல் இன்னும் முக்கியம். முரண்பட வேண்டுமென்றால் நீங்களும் ஒரு பொது விதி சொல்லியாக வேண்டியிருக்கிறது. "தூங்காதே" என்ற அட்டைக்குப் பதில் "தூங்கு" என்று இன்னோர் அட்டை. பகல் முழுக்க வேலைக்குப் போய்விட்டு, இரவு மட்டுமே கையில் இருக்கிற ஒருவர் அதைப் படித்தால் என்ன நினைப்பார்? அந்த ஜவுளிக்கடைப் பெண்ணுக்கு விடிகாலை இருக்கிறது. வீட்டில் ஒரே அறை, காலையில் குழந்தைகளின் சத்தம் என்று இருக்கிற இன்னொருவருக்கு இரவுதான் உண்டு. அவரிடம் போய்த் தூங்கச் சொல்ல நான் யார்?

இந்தக் கேள்விதான் என்னை ஐந்தாவது வழிக்குக் கொண்டுபோனது: மேற்கோளையும் விட்டு, விதியையும் விட்டு, பார்த்ததை மட்டும் எழுதுவது.

சொல்லக் கேட்டால் சுலபமாகத் தெரியும். இருப்பதிலேயே அதிக வேலை வாங்குவது இதுதான். மேற்கோள் இல்லாததால், எதைப் பார்த்தேன் என்பது எனக்கே தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும். நான் செய்துகொள்வது இது: மேற்கோளை ஒரு துண்டுத் தாளில் எழுதிவைத்து, அதனிடம் மூன்று கேள்விகள் கேட்பேன். இதை நான் யாரிடம் பார்த்தேன்? அப்போது மணி என்ன? அவர் கையில் என்ன இருந்தது? முதல் கேள்விக்கு எல்லோரும் பதில் சொல்லிவிடுவார்கள், "என் அப்பா", "என் மாணவி" என்று. மணி என்ன என்று கேட்டால் பாதிப் பேர் நின்றுவிடுவார்கள். குறிப்பிட்ட ஒரு தருணம் நினைவில் இல்லாமல், "எப்போதும் உழைப்பவர்" என்ற பொதுவான எண்ணம்தான் அவர்களிடம் இருக்கும். கையில் என்ன இருந்தது என்ற கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டால் பதிவு ஏறக்குறைய கிடைத்தமாதிரிதான். எனக்கு அந்தப் பதில், என் கையில் இருந்த துளைத்தாள்.

பதில் கிடைக்காவிட்டால்? அந்த மேற்கோளைப் பற்றி உங்களுக்கு இப்போதைக்குச் சொல்ல எதுவும் இல்லை என்று பொருள். அதற்காகக் கதையைக் கட்டக் கூடாது. ஆட்டோ ஓட்டுநர் ஒருவர் வாழ்க்கையின் ரகசியத்தைச் சொன்னார், தேநீர்க் கடைக்காரர் கண்கலங்கினார் என்று கற்பனையாக எழுதினால் ஒன்றிரண்டு முறை கைதட்டல் கிடைக்கும். அந்த ஓட்டுநர் எப்போதும் உங்களுக்குத் தேவையான வாக்கியத்தைத்தான் பேசுவார். அதிலேயே படிக்கிறவருக்குத் தெரிந்துவிடும். உண்மையான மனிதர்கள் பேசும்போது நமக்குத் தேவையில்லாத ஏதோ ஒன்றும் கூடவே வரும். கால் கடுக்கும் என்று அந்த ஜவுளிக்கடைப் பெண் சொன்னாரே, அதைப் போல.

இந்த வழிக்கும் விலை உண்டு. முதலாவது, பகிர்வது குறையும். அட்டையை அனுப்புகிறவர் யோசிக்காமல் அனுப்புவார். ஒரு நூலகத்தில் ஒரு தாளில் நடந்ததை அனுப்புவதற்கு, அது தன் நண்பருக்குப் பொருந்துமா என்று யோசிப்பார். இரண்டாவது, "சரி, இதனால் என்ன சொல்ல வருகிறீர்கள்?" என்று சிலர் கேட்பார்கள். அந்தப் பயத்தில்தான் கடைசியில் ஒரு பாடத்தை ஒட்டத் தோன்றும். நானும் "ஆகவே" என்று ஆரம்பிக்கும் ஒரு வரி எழுதி அடித்தேன். அது வந்ததும் மேலே இருந்த பையன் மறுபடியும் சாட்சியாகிவிட்டான். மூன்றாவது விலை, யாரைப் பற்றி எழுதுகிறோமோ அவரை அடையாளம் கண்டுகொள்ள முடியும். மேற்கோள் யாரையும் காயப்படுத்தாது. விவரம் காயப்படுத்தக்கூடும்.

இந்த வழியில் மேற்கோளுக்கு இடமே கிடையாதா என்றால், ஒரே ஓர் இடம் உண்டு: அது அந்தக் காட்சிக்குள்ளேயே ஒரு பொருளாக இருந்திருந்தால். யாராவது சுவரில் எழுதி ஒட்டியிருந்தால், நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருந்தால், அதையும் பார்த்ததாக எழுதலாம். அப்போது மேற்கோள் யாருக்கும் மேலே உட்கார்ந்திருக்காது. மேசை, பேனா, தண்ணீர் பாட்டில் போல அதுவும் அங்கே இருந்த ஒன்று. எங்கள் காட்சியில் அது உண்மையாகவே இருந்தது. அந்தப் பையன் தேர்வெழுதும் அட்டையின் மேல்மூலையில், கலாம் படத்தோடு இதே வாக்கியம் ஸ்டிக்கராக ஒட்டியிருந்தது. என் வரைவு இப்படி வந்தது:

> ஞாயிறு மாதிரித் தேர்வின் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். ஒரு தாளில் 150 வரை நன்றாக வந்து, 151-இலிருந்து வெள்ளையாகவே நின்றது. துளைத்தாளை ஒரு வரிசை மேலே ஏற்றினேன். 19 இடத்தில் கறுப்பு வந்துவிட்டது. அந்தப் பையனைக் கூப்பிட்டு அப்படியே காட்டினேன். நேராக வைத்தேன், ஏற்றி வைத்தேன். அவன் துளைத்தாளைத் தன் கையில் வாங்கி, தானே ஏற்றியும் இறக்கியும் பார்த்தான். ராத்திரி மூன்று மணிக்குப் படுத்ததாகச் சொன்னான். அவன் தேர்வு அட்டையில், தூங்கவிடாமல் செய்வதே கனவு என்று ஒட்டியிருந்தது. "இந்தக் கணக்கை விட்ட இடம் எனக்கு ஞாபகமே இல்லை சார்" என்றான். இப்போது ஒவ்வொரு பத்துக் கேள்விக்கும் ஒருமுறை, கேள்வி எண்ணையும் வரிசை எண்ணையும் விரல் வைத்து ஒத்துப் பார்க்கிறான்.

கடைசி வாக்கியத்தில் விதி எதுவும் இல்லை, ஆனால் படிக்கிறவர் எடுத்துக்கொண்டு போக ஒன்று இருக்கிறது. இரவு மட்டுமே கையில் இருக்கிறவரும் பத்துக்கு ஒருமுறை விரல் வைத்துப் பார்க்கலாம். "தூங்கு" என்று நான் சொல்லியிருந்தால் அவருக்கு இது கிடைத்திருக்காது. இந்த வரைவை மற்ற நான்குக்கும் மேலாக நான் வைப்பதற்கு முக்கியமான காரணம் இதுதான்.

முடிவாக நான் செய்தது: தேர்வுக்கு மூன்று நாள் முன்னால், எங்கள் குழுவில் மட்டும் நான்காவது வடிவத்தைப் போட்டேன். அங்கே இருப்பவர்களுக்கு என்னைத் தெரியும், ஏன் சொல்கிறேன் என்றும் தெரியும். அதில் "நம்பாதீர்கள்" என்ற வரியை எடுத்துவிட்டு, "அந்த ஓர் இரவு மட்டும் விதிவிலக்கு" என்று மாற்றினேன். வெளியே எல்லோரும் பார்க்கும்படி எழுதியது ஐந்தாவது வடிவம். கதை சொல்லும் இரண்டாவது வழியை, புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளிடம் வாய்ப்பேச்சாகச் சொல்ல வைத்துக்கொண்டேன்.

வெளியே போடுவதற்கு முன் அந்தப் பையனிடம் வரைவைக் காட்டினேன். இதை எல்லோரும் செய்ய வேண்டும் என்பேன். பெயர் போடாவிட்டாலும் கூடப் படிக்கிறவர்களுக்கு யார் என்று தெரிந்துவிடும். இரண்டு முறை படித்தான். துளைக் கணக்கு இருக்கட்டும், மூன்று மணி இருக்கட்டும் என்றான். "அந்த ஸ்டிக்கர் மட்டும் வேணாம் சார். அது என் தங்கச்சி ஒட்டினது. அவ படிச்சா தன்னாலதான்னு நினைச்சுக்குவா" என்றான்.

அந்த வரியை எடுத்துவிட்டேன். மற்றதெல்லாம் அப்படியே போனது. பதிலுக்கு வந்தவற்றில் ஒன்று, வங்கித் தேர்வுக்குப் படிக்கும் ஒருவருடையது: கணினித் தேர்வில் வட்டம் கிடையாது, ஆனால் விடையைச் சேமிக்காமலே அடுத்த கேள்விக்குத் தாவிவிடும் பழக்கம் தனக்கும் உண்டு, நள்ளிரவுக்கு மேல் எழுதிப் பார்க்கும் மாதிரித் தேர்வுகளில்தான் அது வருகிறது என்று எழுதியிருந்தார்.